மட்டு நேர்மாறு: பின்னோக்கிப் பிரதியிடலா, அட்டவணையா, இறங்கு முறையா, அடுக்கா?

எண்ணியல் பாடத்தில் நேரிய ஒருங்கிசைவுகள் வரும் வாரத்தில் ஒரே கேள்வி வேறு வேறு வடிவில் வந்துகொண்டே இருக்கும். "யூக்ளிட் வழிமுறையில் மீ.பொ.வ கண்டுபிடிக்க வருகிறது. ஆனால் அங்கிருந்து நேர்மாறு எடுக்க வகுப்பில் ஒரு வழி சொல்கிறார்கள், நூலில் வேறு வழி இருக்கிறது, நண்பன் ஏதோ அட்டவணை போடுகிறான், இன்னொருவன் பெர்மா தேற்றம் போதும் என்கிறான். எதைக் கற்றுக்கொள்வது?"

மட்டு m-ல் ஓர் எண்ணின் நேர்மாறு என்பது, அந்த எண்ணோடு பெருக்கி m-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் எண். அதைக் கண்டுபிடிக்கும் இந்த நான்கு வழிகளையும் ஒரே கணக்கில் ஓட்டிப் பார்த்துவிடலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் மூன்றும் உண்மையில் ஒரே வழிமுறைதான். அதே வகுத்தல்கள், அதே ஈவுகள். எழுதும் விதம்தான் மாறுகிறது. ஆனால் கையால் கணக்குப் போடுகிறவருக்கு எழுதும் விதம் சின்ன விஷயமில்லை. பிழை எங்கே நுழையும், நுழைந்தால் எப்போது தெரியவரும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

"எது வேகம்" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். இரண்டு மூன்று இலக்க எண்களுக்கு எல்லா முறையும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நான் முதலில் பார்ப்பது, ஒரு குறி தவறினால் அது உடனே தெரிகிறதா, இல்லை கடைசி வரை ஒளிந்திருக்கிறதா என்பதைத்தான். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் குறியில்தான், கருத்தில் அல்ல.

அடுத்து, முடிவில் கையில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். சில முறைகள் நேர்மாறையே தருகின்றன, அதை வைத்து வேறு கணக்குகளும் போடலாம். சில முறைகள் கேட்ட கேள்விக்கு மட்டும் விடை தந்துவிட்டு நின்றுவிடும். மூன்றாவது, மீ.பொ.வ 1 ஆக இல்லாதபோது அந்த முறை எப்படி நடந்துகொள்கிறது என்பது. வகுப்பு உதாரணங்களில் மீ.பொ.வ அநேகமாக 1 ஆகத்தான் இருக்கும், வினாத்தாளில்தான் 3-ம் 6-ம் வந்து நிற்கும். கடைசியாக, மட்டு பகு எண்ணாக இருந்தாலோ மிகப் பெரிதாக இருந்தாலோ என்ன கூடுதல் வேலை வருகிறது என்பது.

## எல்லா முறைக்கும் ஒரே கணக்கு

கணக்கு இதுதான்:

141x ≡ 93 (mod 381)

முதலில் தீர்வு இருக்கிறதா? 141, 381 இரண்டின் மீ.பொ.வ 3. அது 93-ஐ வகுக்கிறது. ஆகவே தீர்வு உண்டு, அதுவும் மட்டு 381-ல் சரியாக மூன்று தீர்வுகள். வலப்பக்கம் 94 ஆக இருந்திருந்தால் "தீர்வு இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருக்கலாம்.

மூன்று எண்களையும் 3-ஆல் வகுத்தால்:

47x ≡ 31 (mod 127)

இங்கே மட்டையும் சேர்த்து வகுத்திருப்பதைக் கவனியுங்கள். இடம், வலம் இரண்டையும் வகுத்துவிட்டு மட்டை அப்படியே விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. உதாரணமாக 6x ≡ 12 (mod 15) என்பதை 6-ஆல் வகுத்து x ≡ 2 (mod 15) என்று எழுதினால் 7, 12 என்ற இரண்டு தீர்வுகள் தொலைந்துபோகும். சரியாக எழுதினால் x ≡ 2 (mod 5).

நம் கணக்குக்கான வகுத்தல்கள்:

127 = 2·47 + 33
47 = 1·33 + 14
33 = 2·14 + 5
14 = 2·5 + 4
5 = 1·4 + 1

இந்த ஐந்து வரிகள் வரை யாருக்கும் சிக்கலில்லை. பாதைகள் பிரிவது இதற்கப்புறம்தான்.

## முதல் வழி: பின்னோக்கிப் பிரதியிடல்

பெரும்பாலான வகுப்புகளில் முதலில் சொல்லித்தரப்படுவது இது. கடைசி வரியில் தொடங்கி, ஒவ்வொரு மீதியையும் அதற்கு மேல் வரியைக் கொண்டு மாற்றிக்கொண்டே மேலே ஏற வேண்டும்.

1 = 5 − 1·4
1 = 5 − (14 − 2·5) = 3·5 − 1·14
1 = 3·(33 − 2·14) − 14 = 3·33 − 7·14
1 = 3·33 − 7·(47 − 33) = 10·33 − 7·47
1 = 10·(127 − 2·47) − 7·47 = 10·127 − 27·47

கடைசி வரியை மட்டு 127-ல் பார்த்தால் 47·(−27) ≡ 1. ஆகவே நேர்மாறு −27, அதாவது 100. விடை x ≡ 31·100 = 3100 ≡ 52 (mod 127).

இந்த வழியின் பெரிய பலம், அது ஏன் வேலை செய்கிறது என்பது கண்ணுக்கு நேரே தெரிவது. மீ.பொ.வ-வை இரண்டு எண்களின் நேரியச் சேர்க்கையாக எழுத முடியும் என்ற பெசூ முற்றொருமைக்கு நிரூபணம் கேட்டால், இந்த ஏற்றத்தையே பொதுவாக எழுதிக்காட்டினால் போதும்.

மறைந்திருக்கும் செலவு அடைப்புக்குறிகளில் இருக்கிறது. "−7·(47 − 33)" என்பதை விரிக்கும்போது −7·33 என்று எழுதும் கை எத்தனையோ. இன்னொரு வினோதமான பிழையும் உண்டு. 2·14 என்று இருப்பதைப் பழக்கதோஷத்தில் 28 என்று பெருக்கி எழுதிவிடுவார்கள். எண்மதிப்பில் தவறில்லை, ஆனால் 14 அங்கே இருந்த தடமே அழிந்துவிடும், அடுத்த வரியில் எதைப் பிரதியிடுவது என்று தெரியாது. மீதிகளை வெறும் எண்களாகப் பார்க்காமல் பெயர்களைப் போல நடத்த வேண்டும். சிலரை அவற்றுக்கு அடிக்கோடிடச் சொல்வேன், பலன் தெரிகிறது.

பிழையைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இதிலேயே இருக்கிறது, ஆனால் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. ஒவ்வொரு வரியின் மதிப்பும் 1 ஆக இருக்க வேண்டும். 3·5 − 14 என்றால் 15 − 14. அப்புறம் 99 − 98. அப்புறம் 330 − 329. மனதிலேயே போட்டுவிடலாம். எந்த வரியில் 1 வரவில்லையோ அந்த வரியில்தான் தவறு. முழுக் கணக்கையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடத் தேவையில்லை.

## இரண்டாம் வழி: முன்னோக்கி ஓடும் அட்டவணை

இதில் மேலே ஏறும் வேலையே கிடையாது. வகுத்துக்கொண்டு கீழே போகும்போதே கெழுவையும் கூடவே எடுத்துச் செல்கிறோம். 3-ஆல் வகுக்காமல் முதல் கணக்கிலேயே தொடங்குகிறேன், காரணம் போகப்போகத் தெரியும்.

| ஈவு | மீதி | கெழு |
|---|---|---|
| | 381 | 0 |
| | 141 | 1 |
| 2 | 99 | −2 |
| 1 | 42 | 3 |
| 2 | 15 | −8 |
| 2 | 12 | 19 |
| 1 | 3 | −27 |
| 4 | 0 | 127 |

விதி ஒன்றுதான். புதிய வரி என்பது முந்தின வரிக்கு முந்தினது, கழித்தல் ஈவு பெருக்கல் முந்தினது. மீதி நிரலுக்கும் அதே விதி, கெழு நிரலுக்கும் அதே விதி. −8 எப்படி வந்தது? −2 − 2·3. அடுத்து 19? 3 − 2·(−8).

இது ஏன் வேலை செய்கிறது என்றால், ஒவ்வொரு வரியும் ஓர் ஒருங்கிசைவு: 141 × கெழு ≡ மீதி (mod 381). முதல் இரண்டு வரிகளில் இது வெளிப்படை. ஒருங்கிசைவிலிருந்து இன்னொன்றின் மடங்கைக் கழித்தால் ஒருங்கிசைவே வரும். ஆகவே எல்லா வரியிலும் உண்மை. சந்தேகம் வந்தால் நடுவில் எங்கு வேண்டுமானாலும் நிறுத்திச் சோதிக்கலாம்: 141·3 = 423 = 381 + 42. சரி.

மீதி 3 உள்ள வரி 141·(−27) ≡ 3 (mod 381) என்கிறது. நமக்கு வேண்டியது வலப்பக்கம் 93, அதாவது 3-ன் 31 மடங்கு. எனவே x = −27·31 = −837. அதனுடன் 127-ஐ ஏழு முறை கூட்டினால் 52.

இந்த 127 எங்கிருந்து வந்தது? அட்டவணையின் கடைசி வரியிலிருந்து. மீதி 0 உள்ள வரி 141·127 ≡ 0 (mod 381) என்கிறது. அதாவது எந்தத் தீர்வுடனும் 127-ஐக் கூட்டினால் அதுவும் தீர்வே. ஆகவே மூன்று தீர்வுகளும் 52, 179, 306. மீ.பொ.வ, ஒரு தீர்வுக்கான கெழு, தீர்வுகளுக்கு இடையிலான இடைவெளி மூன்றும் ஒரே அட்டவணையில் கிடைத்துவிட்டன. பலர் மீதி 0 வந்ததும் அந்த வரியை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அட்டவணையில் மிகவும் பயனுள்ள வரி அதுதான்.

ஏனென்றால் அது இலவசச் சோதனையும்கூட. கடைசிக் கெழு, குறியை விட்டுவிட்டால், மட்டை மீ.பொ.வ-ஆல் வகுத்த எண்ணாக இருந்தே ஆக வேண்டும். ஒருவர் −2 − 2·3 என்பதை −2 + 6 என்று போட்டு 4 எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் அவருடைய கெழுக்கள் −5, 9, −41 என்று போகும். கடைசியில் 127 வர வேண்டிய இடத்தில் 41 வந்து நிற்கும், தவறு பிடிபட்டுவிடும். அதற்கு முன்னாலேயே இன்னோர் அறிகுறியும் இருக்கிறது. கெழுக்களின் குறி கூட்டல், கழித்தல் என்று மாறி மாறித்தான் வரும். 3-க்கு அடுத்து 4 என்று இரண்டு நேர் எண்கள் அடுத்தடுத்து வந்தாலே பேனாவை நிறுத்திவிடலாம்.

மறைந்திருக்கும் செலவு இதிலும் உண்டு. விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர், ஈவை எந்த வரியில் எழுதுவது என்பதில் ஒரு வரி தள்ளிப்போய்விடுவார். நூலுக்கு நூல் ஈவு நிற்கும் இடம் வேறுபடுகிறது, இரண்டு நூல்களைக் கலந்து படித்தால் குழப்பம் நிச்சயம். ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து அதையே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பொறி, மீ.பொ.வ 3 ஆக இருக்கும்போது −27-ஐ "நேர்மாறு" என்று நினைத்து 93-ஆல் பெருக்கிவிடுவது. 141-க்கு மட்டு 381-ல் நேர்மாறே கிடையாது. −27 தருவது 1 அல்ல, 3.

## மூன்றாம் வழி: இறங்கு முறை

இது பாடத்திட்டத்தில் தலைகாட்டுவது குறைவு. ஆனால் ஒரே ஒரு ஒருங்கிசைவைத் தீர்க்க வேண்டுமானால் எனக்குப் பிடித்தது இதுதான். நேர்மாறைத் தேடாமல், பெரிய மட்டில் உள்ள கேள்வியைச் சிறிய மட்டில் உள்ள கேள்வியாக மாற்றிக்கொண்டே போவது. ஆரியபட்டர் 499-ல் தந்த குட்டக முறையும் இப்படிக் கெழுக்களைப் படிப்படியாகச் சிறிதாக்கும் எண்ணத்தில் அமைந்ததே.

47x ≡ 31 (mod 127) என்றால் 47x = 31 + 127y. இதை இப்போது மட்டு 47-ல் பாருங்கள். இடப்பக்கம் மறைந்துவிடும். 127y ≡ −31 (mod 47), அதாவது 33y ≡ 16 (mod 47). மட்டு 127-லிருந்து 47-க்கு இறங்கிவிட்டது. இதையே திரும்பச் செய்தால்:

33y = 16 + 47z என்பதிலிருந்து 14z ≡ 17 (mod 33)
14z = 17 + 33w என்பதிலிருந்து 5w ≡ 11 (mod 14)

இங்கே நிறுத்திவிடலாம். 11-உடன் 14-ஐக் கூட்டினால் 25, ஆகவே w = 5. இனி ஏறுவதுதான்:

z = (17 + 33·5)/14 = 182/14 = 13
y = (16 + 47·13)/33 = 627/33 = 19
x = (31 + 127·19)/47 = 2444/47 = 52

ஏறும் ஒவ்வொரு படியிலும் வகுத்தல் மீதியில்லாமல் போக வேண்டும். 182-ஐ 14 சரியாக வகுக்கவில்லை என்றால் அங்கேயே தவறு தெரிந்துவிடும். அதோடு ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் விடை அந்தந்த மட்டைத் தாண்டுவதில்லை, 3100-ஐச் சுருக்கியதுபோல் கடைசியில் சுருக்கும் வேலையும் இல்லை. எங்கே எளிதாகிறதோ அங்கே கண்ணால் பார்த்தே முடித்துக்கொள்ளும் சுதந்திரமும் இருக்கிறது.

இன்னும் சுருக்கலாம். 127-ஐ 2·47 + 33 என்று எழுதாமல் 3·47 − 14 என்று எழுதினால், அடுத்த வரி 14y ≡ 31 (mod 47). ஒரு படி மிச்சம். எதிர்ம மீதியை அனுமதித்தால் படிகள் குறையும். இதே சலுகையை அட்டவணையிலும் எடுத்துக்கொள்ளலாம்தான், ஆனால் அங்கே குறி மாறி மாறி வரும் என்ற சோதனையை இழக்க நேரிடும். அதனால் அட்டவணையில் நான் இதைச் செய்வதில்லை.

மீ.பொ.வ பார்க்க மறந்துவிட்டாலும் இந்த முறை ஏமாற்றாது. 6x ≡ 5 (mod 15) என்பதை இறக்கிப் பாருங்கள். 3y ≡ 1 (mod 6) வரும், அதையும் இறக்கினால் 0 ≡ 2 (mod 3) என்று முரண்பாடு வந்து நிற்கும். தீர்வு இல்லை என்பதற்கு அதுவே நிரூபணம்.

குறை என்னவென்றால், கையில் நேர்மாறு மிஞ்சாது. வலப்பக்கம் 31 என்பது 5 ஆக மாறினால் எல்லாப் படியும் மறுபடி. எழுத்துகளும் கூடிக்கொண்டே போகும். y, z, w என்று நான்கைந்து மாறிகளை வைத்துக்கொண்டு எது எதற்குச் சொந்தம் என்று தடுமாறுகிறவர்களுக்கு இது ஒத்துவராது.

## நான்காம் வழி: அடுக்கு

127 ஒரு பகா எண். பெர்மாவின் சிறிய தேற்றப்படி 47¹²⁶ ≡ 1 (mod 127). ஆகவே நேர்மாறு 47¹²⁵. இதை வர்க்கப்படுத்திக்கொண்டே போய்க் கணக்கிடலாம்:

47² ≡ 50, 47⁴ ≡ 87, 47⁸ ≡ 76, 47¹⁶ ≡ 61, 47³² ≡ 38, 47⁶⁴ ≡ 47

125 = 64 + 32 + 16 + 8 + 4 + 1. ஆகவே 47·38·61·76·87·47-ஐப் பெருக்கி ஒவ்வொரு முறையும் 127-ஆல் சுருக்க வேண்டும். கடைசியில் 100 வருகிறது. விடை அதேதான். ஆனால் ஆறு வர்க்கம், ஐந்து பெருக்கல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வகுத்தல். யூக்ளிடில் ஐந்தே வகுத்தலில் முடிந்தது. இத்தனைக்கும் பகா மட்டு என்ற, இந்த முறைக்கு மிகச் சாதகமான நிலையில்தான் இதைச் சோதித்தோம். நடுவில் ஒரு வர்க்கம் தவறினால் கடைசியில் பெருக்கிச் சரிபார்க்கும் வரை எதுவும் தெரியாது. எல்லா மீதியும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.

மட்டு பகு எண்ணாக இருந்தால் 126-க்குப் பதில் ஆய்லர் சார்பு φ(m) வேண்டும். அதற்கு m-ஐப் பகாக் காரணிப்படுத்த வேண்டும். மறைந்திருக்கும் பெரிய செலவு இதுதான். நான்கு இலக்க எண்ணுக்கே அது சலிப்பான வேலை. நூற்றுக்கணக்கான இலக்கங்கள் உள்ள எண்ணுக்கு அது நடைமுறையில் முடியாமலே போகலாம். யூக்ளிட் வழிமுறைக்குக் காரணிகள் எதுவும் தெரியத் தேவையில்லை. படிகளின் எண்ணிக்கை சிறிய எண்ணின் இலக்கங்களைப் போல் ஐந்து மடங்கைத் தாண்டாது என்று 1844-ல் லாமே நிரூபித்துவிட்டார். 47-க்கு அதிகபட்சம் 10. மீதி 0 வரும் வரை நமக்கு ஆனது 6.

மீ.பொ.வ 1 இல்லையென்றால் அடுக்கு முறை பேச்சுக்கே இடமில்லை. 141-ஐ மட்டு 381-ல் φ(381) = 252-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் 1 வராது. இதைக் கவனிக்காமல் தேற்றத்தைப் போட்டுவிட்டு ஏதோ ஒரு எண்ணை விடையாக எழுதிய தாள்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் இது எதற்கு? மட்டு மிகச் சிறிய பகா எண்ணாக இருக்கும்போது, அல்லது கேள்வியே பெர்மா தேற்றத்தைப் பயன்படுத்தச் சொல்லும்போது. நிரல் எழுதும்போதும் மட்டு ஒரு நிலையான பகா எண் என்றால் இது ஒரே வரியில் முடிந்துவிடும்.

## குறுக்கு வழிகள் பற்றி ஒரு வார்த்தை

மட்டு முப்பதுக்குள் இருந்தால் மேலே சொன்ன எதுவும் தேவையில்லாமலும் போகலாம். 5x ≡ 3 (mod 26) என்றால் இரண்டு பக்கமும் 5-ஆல் பெருக்குங்கள். 25 என்பது −1, ஆகவே −x ≡ 15, x ≡ 11. அழகாக இருக்கிறது. ஆனால் பெருக்கும் எண் மட்டுடன் சார்பகா எண்ணாக இருக்க வேண்டும். அதே கணக்கை 2-ஆல் பெருக்கியிருந்தால் 10x ≡ 6 (mod 26) வரும். அதற்கு 11, 24 என்று இரண்டு தீர்வுகள். 24 பொய். 5·24 = 120 ≡ 16.

## பக்கத்தில் பக்கமாக

| | பிரதியிடல் | அட்டவணை | இறங்கு முறை | அடுக்கு |
|---|---|---|---|---|
| பிழை எப்போது தெரியும் | ஒவ்வொரு வரியிலும் (மதிப்பு 1), சோதித்தால் | குறி மாறுவதிலும் கடைசிக் கெழுவிலும் | ஏறும்போது, வகுபடாவிட்டால் | கடைசியில்தான் |
| கையில் மிஞ்சுவது | நேர்மாறு | நேர்மாறும் இடைவெளியும் | ஒரு விடை மட்டும் | நேர்மாறு |
| மீ.பொ.வ 1 இல்லையென்றால் | முதலில் வகுத்துக்கொள்வது நல்லது | அப்படியே ஓடும் | அப்படியே ஓடும் | வேலை செய்யாது |
| பகு மட்டு | கவலை இல்லை | கவலை இல்லை | கவலை இல்லை | காரணிப்படுத்த வேண்டும் |

## எந்த நேரத்தில் எது

ஒரே ஒரு முறையைத்தான் பழகிக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால், அட்டவணை. இதில் எனக்குத் தயக்கமில்லை. நேர்மாறு கேட்டாலும் சரி, ஒருங்கிசைவு கேட்டாலும் சரி, மீ.பொ.வ 1 ஆனாலும் ஆகாவிட்டாலும், ஒரே அமைப்பு போதும். அதே 47-க்கு வலப்பக்கம் மட்டும் மாறி மாறி வரும் கணக்குகளில் இதன் லாபம் நன்றாகத் தெரியும். நேர்மாறு 100 கையில் இருப்பதால் 47x ≡ 5-க்கு 500 ≡ 119, 47x ≡ 90-க்கு 9000 ≡ 110. ஒரு பெருக்கலில் முடிந்தது. சீன மீதித் தேற்றக் கணக்குகளிலும் நேர்மாறுகள்தான் வேண்டியிருக்கும், அங்கேயும் இதுவே.

கேள்வி "3 = 381u + 141v என எழுதுக" என்று இரண்டு கெழுக்களையும் கேட்டால், அல்லது படிகளைக் காட்டச் சொன்னால், பிரதியிடலைப் போடுங்கள். அட்டவணையிலும் இன்னொரு நிரல் சேர்த்து இரண்டாவது கெழுவைக் கொண்டுவரலாம், ஆனால் தேவையில்லை. 141·(−27) = −3807, அதிலிருந்து 3-க்கு வர 3810 வேண்டும், அது 381·10. இரண்டாவது கெழு 10 என்று ஒரு வகுத்தலில் கிடைத்துவிடும்.

ஒரே ஒரு ஒருங்கிசைவு, எண்கள் கொஞ்சம் பெரியவை, நேர்மாறு வேறெங்கும் தேவையில்லை என்றால் இறங்கு முறையைச் சோதித்துப் பாருங்கள். பிரதியிடலில் அடிக்கடி குறி தவறுகிறவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கும். ஏறும்போது பெரும்பாலும் நேர் எண்கள்தான் வரும், அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி வரும் இடமே இல்லை.

கணினியில் எழுதப்போகிறவர்களுக்குத் தேர்வு எளிது. அட்டவணையை அப்படியே நிரலாக்கலாம். கடைசி இரண்டு வரிகளை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும்:

```python
def egcd_inv(a, m):
    r0, r1 = m, a % m
    t0, t1 = 0, 1
    while r1:
        q = r0 // r1
        r0, r1 = r1, r0 - q * r1
        t0, t1 = t1, t0 - q * t1
    return r0, t0 % m
```

`egcd_inv(47, 127)` தருவது `(1, 100)`. `egcd_inv(141, 381)` தருவது `(3, 354)`. முதல் எண் 1 இல்லையென்றால் இரண்டாவது நேர்மாறு அல்ல, அதைச் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. பைத்தான் 3.8 முதல் `pow(47, -1, 127)` என்றே எழுதலாம். நேர்மாறு இல்லாத `pow(141, -1, 381)`-க்கு அது `ValueError` எழுப்பும். இதே நிரலைச் சி மொழிக்கு மாற்றுகிறவர்கள் கடைசி வரியில் மாட்டிக்கொள்வார்கள். அங்கே `-27 % 127` என்பது 100 அல்ல, −27 தான். எதிர்மமாக வந்தால் மட்டை ஒருமுறை கூட்டிக்கொள்ள வேண்டும்.